எள்ளளவும் பிழையின்றி

நுழையும்முன்

இலக்கியத்தை மொழிபெயர்ப்பவர் சொல்லின் அழகைக் காக்கிறார். சட்டத்தை மொழிபெயர்ப்பவர் சொல்லின் வரம்பைக் காக்கிறார். உணவகத்தின் உணவுப் பட்டியலை மொழிபெயர்ப்பவர், அறிமுகமற்ற ஒருவரின் உயிரையும் காக்க வேண்டியவராகிறார். ஒரு தட்டுப் பொடி இட்லியைத் தமிழிலிருந்து ஆங்கிலம், பிரெஞ்சு, இந்தி ஆகிய மூன்று மொழிகளுக்குக் கொண்டுசெல்லும்போது எழும் சிக்கல்களையும் அவற்றைத் தீர்க்கும் முறைகளையும் இப்பாடம் விளக்குகிறது.

மாமல்லபுரத்தின் மரபுச்சின்னங்கள் 1984ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. கடற்கரைக் கோயிலையும் ஒற்றைக்கல் இரதங்களையும் காண வருவோருள் வடமாநிலத்தவரும் ஐரோப்பியரும் உளர். அவ்வூரில் ஓர் உணவகம் இருப்பதாகக் கருதிக்கொள்க. தமிழில் மட்டும் இருந்த தம் உணவுப் பட்டியலை மேலும் மூன்று மொழிகளில் அச்சிட அதன் உரிமையாளர் விரும்புகிறார்; ஒரு மொழிபெயர்ப்பாளரை அழைத்து அப்பணியை ஒப்படைக்கிறார். பட்டியலின் பதினேழாம் வரி இது: ‘பொடி இட்லி – தேங்காய்ச் சட்னி, சாம்பாருடன்’.

தமிழ்நாட்டில் வளர்ந்தவருக்கு இவ்வரி போதும். இட்லி எதனால் ஆனது, பொடியில் என்ன இருக்கும், எந்த எண்ணெய் ஊற்றுவர் என்பனவெல்லாம் அவருக்குச் சொல்லாமலே தெரியும். வரியில் எழுதப்படாத அந்தச் செய்திகளே அயல்மொழியாளருக்குத் தேவைப்படுவன. எனவே, இங்கு மொழிபெயர்க்க வேண்டியது வரியில் உள்ளதை மட்டுமன்று. வரி விட்டுவைத்ததையும் ஆகும்.

ஒரு வரி, மூவகைச் செய்தி

முழுமையான உணவுப் பட்டியலில் ஒவ்வோர் உணவின்கீழும் மூவகைச் செய்திகள் அமையும். முதலாவது உணவின் பெயர்; இரண்டாவது அதன் சேர்பொருள்கள்; மூன்றாவது ஒவ்வாமைக் குறிப்பு. மூன்றும் அருகருகே அச்சிடப்பட்டாலும் அவற்றின் பயன் வேறு வேறானது. பெயர், வாடிக்கையாளர் அவ்வுணவைக் கேட்டுப் பெற உதவுவது. சேர்பொருள், சுவையையும் தன்மையையும் முன்னரே உணர்த்துவது. ஒவ்வாமைக் குறிப்பு, உண்ணலாமா கூடாதா என்று முடிவெடுக்கத் துணைபுரிவது.

பயன் வேறுபடுவதால் மொழிபெயர்ப்பு நெறியும் வேறுபடுகிறது. பெயரில் ஒலியைக் காக்க வேண்டும். சேர்பொருளில் பொருளைக் காக்க வேண்டும். ஒவ்வாமைக் குறிப்பில், படிப்பவரின் நாட்டில் அப்பொருளுக்கு வழங்கும் உறுதியான பெயரையே பயன்படுத்த வேண்டும். உணவுப் பட்டியல்களில் காணப்படும் பிழைகள் பல, ஒன்றற்குரிய நெறியை மற்றொன்றில் கையாள்வதால் விளைவனவே.

ஒவ்வாமை என்பது ஓர் உணவைப் பிடிக்காமையோ செரிக்க இயலாமையோ அன்று. உடலின் நோய் எதிர்ப்பாற்றல், தீங்கற்ற ஓர் உணவுப் புரதத்தைப் பகையெனக் கருதி எதிர்ப்பதே ஒவ்வாமை. சிலருக்குத் தோலில் தடிப்பும் அரிப்பும் தோன்றி அடங்கும். வேறு சிலருக்கு உண்ட சில நிமிடங்களிலேயே தொண்டை வீங்கி, மூச்சு திணறி, இரத்த அழுத்தம் வீழும். அந்நிலையில் உடனடியாக அட்ரினலின் ஊசி செலுத்தாவிடில் உயிருக்கே இடர் நேரலாம். அதற்கு மிகச் சிறிய அளவுப் பொருளே போதுமானது. ‘எள்ளளவு’ என்று தமிழில் வழங்கும் சொல், இங்கு உவமையாக இல்லாமல் உண்மை அளவாகவே ஆகிவிடுகிறது.

பெயரைப் பெயர்க்கலாமா?

மொழிபெயர்ப்பாளரின் முதல் வரைவில் ‘இட்லி’ என்பது ஆங்கிலத்தில் ‘ரைஸ் கேக்’ என்றானது. அரிசியால் ஆன, வட்ட வடிவப் பண்டம் என்ற அளவில் அது தவறன்று. ஆனால், அந்த ஆங்கிலத் தொடரைக் கொண்டு பிரெஞ்சுக்குச் சென்றபோது ‘கத்தோ த ரீ’ என்றானது. பிரெஞ்சு நாட்டார்க்குக் ‘கத்தோ த ரீ’ நன்கறிந்த பண்டம். அரிசியைப் பாலில் வேகவைத்து, சருக்கரையும் முட்டையும் சேர்த்துச் சமைக்கும் இனிப்பு அது. அவ்வாறாயின், பதினேழாம் வரியைப் படிக்கும் பிரெஞ்சுக்காரர், காலை உணவாக இனிப்பு வரும் என எண்ணுவார். முட்டை ஒவ்வாதவரோ, முட்டையே சேராத இட்லியைத் தவிர்த்துவிடுவார்.

இப்பிழையிலிருந்து இரண்டு செய்திகள் தெளிவாகின்றன. ஒன்று, தமிழிலிருந்து நேராக ஒவ்வொரு மொழிக்கும் செல்ல வேண்டும். ஆங்கிலத்தை இடைப்பாலமாக்கினால், அதில் நேர்ந்த நெகிழ்வு அடுத்த மொழியில் பிழையாக வளர்ந்துவிடும். மற்றொன்று, உணவுப் பெயரை ஒலிபெயர்த்து ‘இட்லி’ என்றே எழுதி, அதனருகில் விளக்கம் தர வேண்டும். பெயரை மாற்றிவிட்டால் மற்றொரு தொல்லையும் உண்டு. வாடிக்கையாளர் தம் மொழியில் ஒரு பெயரைச் சொல்ல, பரிமாறுபவர் அதை அறியாது விழிப்பார். இதனைத் தவிர்க்க ஒவ்வோர் உணவுக்கும் எல்லா மொழிப் பட்டியல்களிலும் ஒரே எண் தரப்படுகிறது. விரலால் பதினேழைச் சுட்டினால், உண்பவரும் பரிமாறுபவரும் சமைப்பவரும் ஒரே உணவையே கருதுவர்.

‘இட்லிப்பொடி’க்கு ஆங்கிலத்தில் ‘கன் பவுடர்’, அதாவது வெடிமருந்து என்னும் வேடிக்கைப் பெயர் வழங்குகிறது. காரத்தைக் குறிப்பால் உணர்த்தும் அப்பெயர் ஆங்கிலம் அறிந்த இந்தியருக்குச் சிரிப்பூட்டும். ஆனால், அதனைச் சொல்லுக்குச் சொல் பிரெஞ்சில் பெயர்த்தால் சிரிப்பு நீங்கி, வெடிமருந்து மட்டும் எஞ்சும். வேடிக்கைப் பெயர் எதுவாயினும், பொடியில் என்ன இருக்கிறது என்பதை அது சொல்வதில்லை. ‘சட்னி’யும் எச்சரிக்கையுடன் கையாள வேண்டிய சொல். ஆங்கிலேயர் அச்சொல்லைத் தம்முடையதாக்கிக்கொண்டு, பழங்களைச் சருக்கரையிலும் வினிகரிலும் காய்ச்சிப் புட்டியில் அடைப்பதற்குப் பெயராக வைத்துள்ளனர். ஆதலால், ‘புதிதாக அரைத்த தேங்காய்’ என்னும் விளக்கமின்றிச் ‘சட்னி’ என்று மட்டும் எழுதினால் அவர்கள் இனிப்பையே எதிர்பார்ப்பர்.

அடுப்படியில் தொடங்கும் பணி

பெயர்ச்சிக்கல் தீர்ந்தபின் மொழிபெயர்ப்பாளர் எழுதுகோலுடன் சமையலறைக்குச் சென்றார். அங்கு தலைமைச் சமையலரை எல்லாரும் ‘மாஸ்டர்’ என்றே அழைத்தனர்.

“பொடியில் என்னென்ன சேர்க்கிறீர்கள், மாஸ்டர்?”

“வழக்கமாகப் போடுவதுதானம்மா.”

‘வழக்கமாகப் போடுவது’ என்னும் இத்தொடரை எம்மொழியிலும் பெயர்க்க இயலாது. மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு பொருளையும் கையிலெடுத்துக் காட்டுமாறு கேட்டுக்கொண்டார். ஒருமுறை அரைக்கும் அளவு இவ்வாறு அமைந்தது: உளுத்தம்பருப்பு ஒரு கிலோ, கடலைப்பருப்பு அரைக் கிலோ, காய்ந்த மிளகாய் 250 கிராம், எள் 150 கிராம், பெருங்காயத்தூள் 25 கிராம், தேவையான உப்பு. பரிமாறும்போது பொடியுடன் நல்லெண்ணெயும், மேலாக ஒரு கரண்டி நெய்யும் சேர்க்கப்படும். தேங்காய்ச் சட்னியில் தேங்காய், பொட்டுக்கடலை, பச்சை மிளகாய், இஞ்சி ஆகியவை. தாளிக்கக் கடுகும் கறிவேப்பிலையும். சாம்பாரிலும் பெருங்காயத்தூளும் கடுகும் உண்டு.

அடுத்து அவர் பெருங்காய டப்பாவைத் திருப்பி, அதன் பின்புறத்தைப் படித்தார். கடைகளில் விற்கும் பெருங்காயத்தூள் பெரும்பாலும் கூட்டுப்பெருங்காயமே. பெருங்காயத்தின் மணம் மிகக் கடுமையானது. ஒட்டும் தன்மையும் உடையது. எனவே, அதனைப் பிசினுடனும் மாவுடனும் கலந்தே தூளாக்குகின்றனர். அம்மாவு சில நிறுவனத் தயாரிப்புகளில் கோதுமையாகவும், சிலவற்றில் அரிசியாகவும் இருக்கும். அந்த டப்பாவில் கோதுமை மாவு என்றிருந்தது. அரிசியும் உளுந்தும் மட்டுமே சேர்ந்த இட்லியில் கோதுமை இல்லை என்பது உண்மை. ஆனால், அதன்மேல் தூவிய பொடியிலும் அதனுடன் வந்த சாம்பாரிலும் கோதுமை நுழைந்துவிட்டது. கோதுமையிலுள்ள பசையப் புரதத்தை ஏற்காத உடலினர்க்கு இச்செய்தி இன்றியமையாதது. அகராதியில் ‘பெருங்காயம்’ என்னும் சொல்லுக்கு நிகரான சொல் கிடைக்கும். டப்பாவின் பின்புறமுள்ள கோதுமை கிடைக்காது.

மொழிபெயர்ப்பாளர் வீடு திரும்புமுன் இவையனைத்தையும் தமிழில் ஒழுங்காக எழுதி, மாஸ்டரிடம் படித்துக்காட்டி, அவர் ஒப்பிய பின்னரே எடுத்துச்சென்றார். அவ்வாறு எழுதப்பட்ட தமிழ்ப்படியே மூலம் எனத்தக்கது. உணவுப் பட்டியலுக்கு மூலநூல் முன்னரே இருப்பதில்லை. அது சமையலறையில் உருவாக்கப்பட வேண்டும்.

எண்ணெய் எந்த எண்ணெய்?

எள் + நெய் = எண்ணெய். எள்ளிலிருந்து எடுத்த நெய்ப்பொருளுக்கே முதலில் அப்பெயர் அமைந்தது. காலப்போக்கில் அது தேங்காய், ஆமணக்கு, நிலக்கடலை முதலிய எல்லாவற்றின் நெய்ப்பொருளுக்கும் பொதுப்பெயராயிற்று. பொதுப்பெயர் பிறவற்றுக்கும் உரியதாகிவிட்டதால், எள்ளின் எண்ணெய் ‘நல்லெண்ணெய்’ எனச் சிறப்புப்பெயர் பெற்றது. இன்று ‘நல்லெண்ணெய்’ என்னும் சொல்லில் எள் வெளிப்படையாகத் தெரிவதில்லை. சொல்லுக்குச் சொல் பெயர்ப்பவர் ‘நல்ல எண்ணெய்’ என்று எழுதிவிடக்கூடும். எள் ஒவ்வாதவர்க்கு இதைவிட முரணான பெயர் வேறில்லை.

இந்திய ஆங்கிலத்தில் நல்லெண்ணெய்க்கு ‘ஜிஞ்சலி ஆயில்’ என்னும் பெயர் வழக்கில் உள்ளது. அரபு மொழியில் தோன்றி, போர்ச்சுகீசிய மொழியின் வழியாக இந்தியாவை அடைந்த சொல் அது. தமிழ்நாட்டுக் கடைகளில் விற்கும் எண்ணெய்ப் பொட்டலங்களில் அதனைக் காணலாம். ஆயினும், இலண்டனிலிருந்து வரும் ஆங்கிலேயர் அச்சொல்லைக் கேள்விப்பட்டிருப்பது அரிது. ஒலி ஒப்புமையால் இஞ்சியோடு தொடர்புடையது என்றும் அவர் கருதலாம். தம் நாட்டில் ‘செசமி’ என்னும் சொல்லைத் தேடித் தேடிப் படித்துப் பழகியவர், ‘ஜிஞ்சலி’ என்பதைக் கண்டும் காணாமல் கடந்துவிடுவார். இரண்டும் ஆங்கிலச் சொற்களே. இரண்டும் ஒரே பொருளையே குறிப்பன. ஆனால், ஒன்று எச்சரிக்கிறது, மற்றொன்று மறைக்கிறது. ஆகவே, ஒரு மொழிக்குப் பெயர்த்தால் மட்டும் போதாது. அம்மொழியைப் பேசும் எந்நாட்டார் படிக்கப்போகின்றனர் என்பதையும் எண்ணிப் பெயர்க்க வேண்டும்.

> தெரியுமா?
>
> எண்ணெய் என்னும் பொதுப்பெயர் எள்ளிலிருந்து பிறந்ததுபோலவே, இந்தியில் எண்ணெயைக் குறிக்கும் ‘தேல்’ என்னும் சொல்லும், எள்ளைக் குறிக்கும் ‘தில’ என்னும் வடசொல்லின் வழியில் வந்ததே. ஆங்கிலத்தின் ‘ஆயில்’, பிரெஞ்சின் ‘உய்ல்’ ஆகியவை ஆலிவ் எண்ணெயைக் குறித்த இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தவை. ஒவ்வொரு நிலத்திலும் முதன்மை பெற்ற எண்ணெயே பொதுப்பெயராகியுள்ளது.

கடலை என்னும் ஒரு சொல்

எள்ளினும் கடினமானது ‘கடலை’. கடலைமாவு, கடலைப்பருப்பு, பொட்டுக்கடலை ஆகியவற்றில் வரும் கடலை, கொண்டைக்கடலை இனத்தைச் சேர்ந்தது. கடலைமிட்டாய், கடலை எண்ணெய் ஆகியவற்றில் வரும் கடலையோ நிலக்கடலை. முன்சொல்லும் பின்சொல்லும் சூழலும் கொண்டே தமிழர் வேறுபாட்டை உணர்கின்றனர். நிலக்கடலைக்கு வேர்க்கடலை, மணிலாக்கொட்டை, மல்லாட்டை என வட்டாரப் பெயர்கள் பல. ஈழத்தில் அது கச்சான் எனப்படும்.

உலகில் கடுமையான ஒவ்வாமையை விளைவிக்கும் உணவுகளுள் நிலக்கடலை முன்னிற்பது. எனவே, ‘கடலை’ என்னும் சொல் வருமிடமெல்லாம் மொழிபெயர்ப்பாளர் நின்று, எந்தக் கடலை என்று கேட்க வேண்டியவராகிறார். சட்னியில் இருந்தது பொட்டுக்கடலை. முதல் வரைவில் அது ஆங்கிலத்தில் ‘ரோஸ்டட் நட்ஸ்’ என்றிருந்தது. ‘நட்’ என்பது கொட்டைகளுக்கு உரிய பொதுப்பெயர். இல்லாத ஒன்றை இருப்பதாகச் சொல்லும் இப்பிழை, உண்ணத்தக்கதை உண்ணவிடாமல் தடுக்கும். இதற்கு நேர்மாறான பிழை இன்னும் தீயது: நிலக்கடலை சேர்ந்த சட்னியைக் ‘கடலைச் சட்னி’ எனக் கண்டு, கொண்டைக்கடலை எனப் பெயர்ப்பது.

ஆங்கிலத்தின் ‘நட்’ என்னும் சொல்லிலும் தெளிவு குறைவே. நிலக்கடலையின் ஆங்கிலப் பெயரான ‘பீநட்’டில் அச்சொல் உண்டு, எனினும் நிலக்கடலை மரத்தில் காய்க்கும் கொட்டையன்று, மண்ணுள் விளையும் பயறினம். தேங்காயின் பெயரான ‘கோகநட்’டிலும் அச்சொல் உண்டு. பிரெஞ்சில் தேங்காய் ‘நுவா த கொக்கோ’; முந்திரி ‘நுவா த கஜூ’. ஆனால், ‘நுவா’ என்று தனித்து எழுதினால் அது வால்நட் எனப்படும் அக்ரூட்டைக் குறிக்கும். நிலக்கடலைக்குப் பிரெஞ்சில் ‘அராஷிட்’ என்னும் தனிச்சொல் உள்ளது. அதில் ‘நுவா’ இல்லை. ஆகையால், ‘கொட்டை வகைகள்’ என்று பொதுவாக எழுதுவதைத் தவிர்த்து, எந்தக் கொட்டை என்று பெயர் சுட்டுவதே பாதுகாப்பானது.

நாட்டுக்கு நாடு மாறும் பட்டியல்

எப்பொருள்களை ஒவ்வாமைக் குறிப்பில் எழுத வேண்டும் என்பதைச் சட்டமும் வரையறுக்கிறது. இந்தியாவில் 2020ஆம் ஆண்டு வெளியான உணவுப் பெயர்ச்சீட்டு, காட்சிப்படுத்தல் ஒழுங்குமுறைகள் எட்டு வகைகளைக் கூறுகின்றன. பசையமுள்ள தானியங்கள், இறால், நண்டு போன்ற ஓட்டுடலிகள், பால், முட்டை, மீன், நிலக்கடலையும் மரக்கொட்டைகளும், சோயா மொச்சை, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட சல்பைட்டு ஆகியவை அவை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014ஆம் ஆண்டு டிசம்பர் 13 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் பதினான்கு வகைகளைக் கூறுகிறது. அது உணவகங்களில் பரிமாறும் உணவுக்கும் பொருந்தும். அப்பதினான்கனுள் எள்ளும் கடுகும் உள்ளன. இந்திய எட்டனுள் அவ்விரண்டும் இல்லை.

மாமல்லபுரத்து உணவகத்தை ஐரோப்பியச் சட்டம் கட்டுப்படுத்தாது என்பது உண்மை. எனினும், பிரெஞ்சுப் பட்டியலைப் படிப்பவர் தம் நாட்டுப் பழக்கத்தோடுதான் படிப்பார். கடுகு இருந்தால் குறித்திருப்பர் என்பது அவர் நம்பிக்கை. குறிப்பு இல்லையேல் கடுகும் இல்லையென்றே முடிவு செய்வார். தமிழ்ச் சமையலிலோ தாளிப்பில் கடுகில்லாத குழம்பைக் காண்பது அரிது. அவ்வளவு பழகிப்போனதாலேயே அதனைச் சேர்பொருளாக எண்ணி எழுதும் வழக்கம் இல்லை. எந்தப் பொருள் சமைப்பவரின் கண்ணுக்குப் படாத அளவு இயல்பாகிவிட்டதோ, அப்பொருளே பட்டியலில் விடுபடுகிறது. இக்காரணத்தால் மொழிபெயர்ப்பாளர் இரு பட்டியல்களையும் ஒன்றாக்கி, நீளமானதையே நான்கு மொழிகளுக்கும் அளவுகோலாகக் கொண்டார். தமிழ்ப் பட்டியலிலும் எள்ளும் கடுகும் இடம்பெற்றன.

உள்ளது, இருக்கலாம், சேர்க்கப்படவில்லை

ஒவ்வாமைக் குறிப்பில் பெயர்ச்சொல்லைப் போலவே வினைமுற்றும் கருத்திற்குரியது. ‘உள்ளது’ என்பது உறுதி. ‘கலந்திருக்கலாம்’ என்பது ஐயம். ‘சேர்க்கப்படவில்லை’ என்பது சமைப்பவரின் செயலைப் பற்றியது. ‘இல்லை’ என்பது உணவைப் பற்றியது. இந்நான்கும் ஒன்றன்று.

அந்த உணவகத்தில் பொடி அரைக்கும் அதே அரவைப் பாத்திரத்தில்தான் மற்றொரு நாள் நிலக்கடலைத் துவையலும் அரைக்கப்படுகிறது. பாத்திரத்தைக் கழுவினாலும், அடியிலுள்ள கத்தியின் இடுக்கில் துகள் தங்கக்கூடும். ஆகவே, பொடியில் நிலக்கடலை ‘சேர்க்கப்படவில்லை’ என்பது உண்மை. ‘இல்லை’ என்பதோ உறுதிப்படுத்தப்படாத கூற்று. நெய்யைப் பற்றியும் இவ்வாறே எண்ண வேண்டும். வெண்ணெயைக் காய்ச்சி வடிப்பதால் பாற்புரதத்தின் பெரும்பகுதி நீங்கிவிடுகிறது, முற்றிலும் நீங்குவதில்லை. பால் ஒவ்வாதவரின் பொருட்டு, ‘பால் உள்ளது’ என்றே எழுத வேண்டும்.

‘கலந்திருக்கலாம்’ என்பதைப் பெயர்க்கையில் அதனைப் பணிவுத்தொடராக மென்மைப்படுத்துவதும் தவறு. ‘உள்ளது’ எனக் கடுமையாக்குவதும் தவறு. எல்லா உணவின்கீழும் அதனை அச்சிடுவதும் பயன் தராது. எங்கும் ஒலிக்கும் எச்சரிக்கையை எவரும் கேட்பதில்லை.

திருப்பிப் பார்த்தல்

மொழிபெயர்ப்பு சரியானதா என்பதை அறிய ஓர் எளிய வழி உண்டு. தமிழ் மூலத்தைப் பார்த்திராத மற்றொருவரிடம் பிரெஞ்சுப் படியை மட்டும் தந்து, அதனைத் தமிழாக்கச் செய்ய வேண்டும். இது மீள்மொழிபெயர்ப்பு எனப்படும். கிடைத்த தமிழை மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டால் பிழை தானே வெளிப்படும். ‘கத்தோ த ரீ’ இருந்த முதல் வரைவு, ‘இனிப்பு அரிசிப் பணியாரம்’ எனத் திரும்பி வந்தது. ‘ரோஸ்டட் நட்ஸ்’ என்றிருந்த ஆங்கில வரைவு ‘வறுத்த கொட்டைகள்’ எனத் திரும்பியது. இரண்டும் அச்சேறுமுன் திருத்தப்பட்டன. மீள்மொழிபெயர்ப்புக்கும் ஓர் எல்லை உண்டு. மூலத்தில் எழுதாமல் விட்ட கோதுமையை அது கண்டுபிடிக்காது. அதற்குச் சமையலறைதான் செல்ல வேண்டும்.

திருத்தங்களுக்குப் பின் பதினேழாம் பதிவு தமிழில் இவ்வாறு அமைந்தது:

> 17. பொடி இட்லி
>
> அரிசியும் உளுந்தும் அரைத்துப் புளிக்கவைத்த மாவில், ஆவியில் வெந்த இட்லி. பருப்பு, மிளகாய், எள் சேர்ந்த காரப்பொடி, நல்லெண்ணெய், நெய் ஆகியவற்றுடன். பொட்டுக்கடலை சேர்த்துப் புதிதாக அரைத்த தேங்காய்ச் சட்னியும் சாம்பாரும் உடன் தரப்படும்.
>
> உள்ளவை: எள், பால் (நெய்), கோதுமை (பெருங்காயத்தூள்), கடுகு.
>
> கலந்திருக்கலாம்: நிலக்கடலை (பொது அரவைப் பாத்திரம்).

இதன் ஒவ்வாமைச் சொற்கள் பிறமொழிப் படிகளில் பின்வருமாறு இடம்பெற்றன:

| தமிழ் | ஆங்கிலம் | பிரெஞ்சு | இந்தி |
|---|---|---|---|
| எள் | செசமி | செசாம் | தில் |
| பால் | மில்க் | லே | தூத் |
| கோதுமை | வீட் | பிளே | கேஹூம் |
| கடுகு | மஸ்டர்டு | முத்தார்த் | சர்சோம் |
| நிலக்கடலை | பீநட் | அராஷிட் | மூங்பலி |

ஒரு பொருளுக்கு ஒரு சொல் என்று வரையறுத்த இப்பட்டியல் பதினேழாம் பதிவுக்கு மட்டும் உரியதன்று. அட்டை முழுவதும் எள் வருமிடமெல்லாம் இதே சொல்லே வரும். இலக்கியத்தில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வருவது சலிப்பூட்டலாம். இங்கோ அதுவே நற்பண்பு.

அட்டையும் அடுப்பும்

அச்சான பின்னும் பணி முடிவதில்லை. 2014ஆம் ஆண்டு இங்கிலாந்தின் வடயார்க்சயர் பகுதியில், நிலக்கடலை ஒவ்வாத வாடிக்கையாளர் ஒருவர் இந்திய வகை உணவொன்றை வாங்கினார். கொட்டைகள் வேண்டாம் என்று சொல்லியே வாங்கினார். உணவுப் பெட்டியின் மூடியிலும் அவ்வாறே எழுதப்பட்டிருந்தது. ஆயினும், அவ்வுணவகத்தில் பாதாம் தூளுக்கு மாற்றாக, விலை குறைந்த நிலக்கடலைக் கலவை பயன்படுத்தப்பட்டு வந்தது. அதனை உண்ட அவர் உயிரிழந்தார். 2016இல் உணவக உரிமையாளருக்கு நீதிமன்றம் ஆறு ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. அங்கு மூடியிலிருந்த சொல்லில் மொழிப்பிழை ஏதுமில்லை. உள்ளே இருந்த பொருள் மாறியிருந்தது.

மாமல்லபுரத்து மாஸ்டரும், பொட்டுக்கடலை தீர்ந்த நாளில் ஒரு பிடி நிலக்கடலையைச் சட்னியில் சேர்த்துவிடக்கூடும். உண்பவருள் பெரும்பாலோர் சுவை வேறுபாட்டைப் பொருட்படுத்தார். ஆனால், அந்நொடியில் நான்கு மொழி அட்டைகளும் ஒருங்கே பொய்யாகிவிடும். வேறு நிறுவனத்தின் பெருங்காயத்தூளை வாங்கும்போதும் கோதுமை நீங்கலாம், புதிதாகச் சேரலாம். இதனை முன்னுணர்ந்த மொழிபெயர்ப்பாளர், தமிழ் மூலத்தின் ஒரு படியைச் சமையலறைச் சுவரில் ஒட்டச்செய்தார். ஒவ்வோர் உணவின் எண்ணும் அதன் சேர்பொருள்களும் அதில் இருந்தன. அதில் இல்லாத பொருளைச் சேர்ப்பதானால், அவ்வெண்ணுக்குரிய உணவை அன்று பரிமாறுவதில்லை. அல்லது நான்கு அட்டைகளையும் திருத்திய பின்னரே பரிமாறுவது என்று முடிவாயிற்று. மாஸ்டர் அத்தாளை ஒருமுறை முழுவதும் படித்துவிட்டுச் சொன்னார்: “எள்ளை எழுத வேண்டுமென்று இத்தனை ஆண்டுகளில் எனக்குத் தோன்றியதே இல்லையம்மா.”

புதிய அட்டையின் பதினேழாம் எண்ணை ஒருநாள் ஒரு பயணி விரலால் தொட்டுப் படிப்பார். அதில் ‘செசாம்’ என்னும் சொல்லைக் கண்டு, அடுத்த எண்ணுக்கு நகர்வார். உணவகத்தில் எவரும் அதைக் கவனித்திருக்கமாட்டார். மொழிபெயர்ப்பு தன் பணியைச் செய்து முடித்திருக்கும்.

கற்பவை கற்றபின்...

1. வீட்டிலோ அருகிலுள்ள உணவகத்திலோ சமைக்கும் ஓர் உணவைத் தேர்ந்தெடுத்து, சமைப்பவரிடம் கேட்டு, அதன் சேர்பொருள்கள் அனைத்தையும் விடுபாடின்றித் தமிழில் எழுதுக.
2. சமையலறையிலுள்ள மூன்று பொட்டலங்களின் பின்புறம் உள்ள சேர்பொருள் பட்டியலைப் படித்து, எதிர்பாராத பொருள் ஏதேனும் இருப்பின் குறித்து, வகுப்பறையில் பகிர்க.
3. உங்கள் பகுதியில் நிலக்கடலைக்கு வழங்கும் பெயர்களைத் திரட்டுக.

மதிப்பீடு

*குறுவினா*

1. உணவுப் பட்டியலில் இடம்பெறும் மூவகைச் செய்திகள் யாவை?
2. ‘எண்ணெய்’ என்னும் சொல்லைப் பிரித்து, அதன் பொருள் விரிவைக் குறிப்பிடுக.

*சிறுவினா*

1. ‘ஜிஞ்சலி’, ‘செசமி’ ஆகிய இரண்டும் ஒரே பொருளைக் குறித்தும், ஒன்று எச்சரிக்க மற்றொன்று மறைப்பது எவ்வாறு?
2. ‘சேர்க்கப்படவில்லை’, ‘இல்லை’ ஆகிய இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைச் சான்றுடன் விளக்குக.

*நெடுவினா*

1. உணவுப் பட்டியலுக்குரிய மூலம் சமையலறையில் உருவாக்கப்பட வேண்டும் என்னும் கருத்தைப் பாடப்பகுதி கொண்டு நிறுவுக.